எட்டு வருஷம், மூன்று லேப்டாப்: வருஷத்துக்கு எவ்வளவு ஆனது?

2018 ஜூனில் புதிதாக ஒன்று, 2021 மார்ச்சில் செகண்ட் ஹேண்டில் ஒன்று, 2023 ஏப்ரலில் ரீஃபர்பிஷ்டு ஒன்று. எங்கள் வீட்டுக்கு வந்த லேப்டாப்கள் இவ்வளவுதான். இந்த வருஷம் மகள் கல்லூரிக்குப் போகிறாள், நான்காவது தேவைப்பட்டது. கடைக்குக் கிளம்பும் முன் பழைய பில்களை எல்லாம் எடுத்துவைத்து ஒரு கணக்குப் போட்டேன். அதில் வந்த விடை நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது.

கணக்கு எளிதுதான். வாங்கிய விலையோடு நடுவில் செய்த செலவைக் கூட்டி, கடைசியில் விற்றுக் கிடைத்ததைக் கழித்து, உழைத்த வருஷங்களால் வகுக்க வேண்டும்.

புதிய லேப்டாப்பின் விலை 41,500 ரூபாய். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கிற சாதாரண மாடல். மூன்றாம் வருஷம் ஹிஞ்ச் போனது. ஹிஞ்ச் என்பது உலோகம், ஆனால் அதன் ஸ்க்ரூ இறங்கும் பித்தளை மரைகள் பிளாஸ்டிக் உடலில் பதித்தவை. ஹிஞ்ச் இறுகிவிட்டால் திரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மரைகளின் மேல் இழுவை விழும். ஒருநாள் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிட்டது. சரிசெய்ய 3,800. ஒரு வருஷம் கழித்து 6,500க்கு விற்றேன். ஆக 38,800 ரூபாய், நான்கு வருஷம். வருஷத்துக்கு 9,700.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் மகளின் ஆன்லைன் வகுப்புக்காகத் தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கியது. 15,500தான், மலிவு என்று சந்தோஷப்பட்டேன். பேட்டரி முக்கால் மணி நேரம்கூட நிற்கவில்லை, புதிது போட 3,000. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட 2,500. இருபதாம் மாதத்தில் சார்ஜர் விளக்கு எரியும், ஆனால் சார்ஜ் ஏறாது. பழுது பார்ப்பவர் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். மதர்போர்டில் சார்ஜிங் ஐசியைச் சுற்றிப் பிசின் மாதிரி பழுப்புக் கறை. சால்டரிங் செய்யும்போது தடவும் ஃப்ளக்ஸைத் துடைக்காமல் விட்டால் இப்படித்தான் இருக்குமாம். "சார், இது ஏற்கனவே கை வெச்ச போர்டு" என்றார். 3,500 கொடுத்துச் சரிசெய்தேன். மூன்றே மாதத்தில் மறுபடி அதே பிரச்சினை. 3,000க்குத் தள்ளிவிட்டேன். மொத்தம் 21,500, ஓடியது இரண்டு வருஷம். வருஷத்துக்கு 10,750!

மூன்றில் விலை குறைந்தது இதுதான். வருஷக் கணக்கில் அதிகம் தின்றதும் இதுதான்.

அந்தப் பின்மூடியை வாங்கும் முன்பே கழற்றிப் பார்த்திருந்தால் 15,500 தப்பியிருக்கும். ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருக்கிறதா, ஒன்றிரண்டு ஸ்க்ரூ காணவில்லையா, போர்டில் கறை இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். திறந்து காட்ட மறுத்தால் வாங்காமல் வந்துவிடுவது நல்லது.

அடுத்து ரீஃபர்பிஷ்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 23,500க்கு வாங்கினேன். அலுவலகங்கள் மொத்தமாக வாங்கி மூன்று நான்கு வருஷத்தில் கழித்துவிடும் வணிக வரிசை லேப்டாப் அது. உடல் உறுதி, ரேம் போட இரண்டு இடம், பேட்டரி மாற்றுவதும் சுலபம். கடைக்காரர் ஒரு வருஷம் வாரண்டி தந்தார். பில்லை உற்றுப் பார்த்தால் "பேட்டரி, அடாப்டர் நீங்கலாக" என்று சின்ன எழுத்தில் இருந்தது. பல கடைகளில் இப்படித்தான். எனவே பேட்டரியை நாமே சோதித்துவிட வேண்டும். கடையிலேயே கமாண்ட் விண்டோவைத் திறந்து இதைத் தட்டினேன்:

```
powercfg /batteryreport
```

ஒரு அறிக்கைக் கோப்பு உருவாகும், அது எங்கே இருக்கிறது என்பதையும் அதுவே சொல்லும். அதில் DESIGN CAPACITY என்பது புதிதில் இருந்த கொள்ளளவு, FULL CHARGE CAPACITY என்பது இன்று மிஞ்சியிருப்பது. நான் பார்த்த முதல் லேப்டாப்பில் 50,000க்கு 21,000, அதாவது 42 சதவீதம். அதை ஓரம்வைத்துவிட்டு 78 சதவீதம் காட்டியதை எடுத்தேன். ஐந்து வருஷப் பழைய லேப்டாப் நூறு சதவீதம் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். என்ன பேட்டரி, அதற்கு எத்தனை மாதம் பொறுப்பு என்று கேட்க வேண்டும். மலிவான டூப்ளிகேட் பேட்டரிகள் முதல் சில மாதம் நன்றாக ஓடிவிட்டு உப்பிக்கொள்ளும்.

இது உழைக்கிற வருஷத்தைத் தீர்மானித்தது இன்னொன்று: பிராசஸர் எந்தத் தலைமுறை என்பது. அன்று அதே கடையில் i5-7200U போட்ட லேப்டாப் 19,000க்கு இருந்தது. நான் எடுத்ததில் i5-8250U. கோடுக்குப் பிறகு வரும் 7, 8 தான் தலைமுறை. வேகம் ஒருபக்கம் இருக்கட்டும், விண்டோஸ் 11க்கான இன்டெல் பட்டியல் பொதுவாக எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 4,500 ரூபாயை மிச்சப்படுத்தி ஏழாம் தலைமுறையை எடுத்திருந்தால் இரண்டரை வருஷத்தில் விண்டோஸ் 11க்கு மாற முடியாத கவலை வந்திருக்கும். லினக்ஸ் போட்டு ஓட்டலாம்தான், ஆனால் என் மனைவியின் கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும்.

போன வருஷம் பேட்டரிக்கு 3,600 ஆனது. இந்த ஏப்ரலோடு மூன்று வருஷம். இன்றே நின்றுபோய், விற்றால் ஒன்றுமே கிடைக்காது என்று வைத்தாலும் 27,100ஐ மூன்றால் வகுத்தால் 9,033. இன்னும் இரண்டு வருஷம் ஓடினால் 5,420 ஆக இறங்கிவிடும். ஓடும் என்றுதான் தோன்றுகிறது.

அப்படியானால் மகளுக்கும் ரீஃபர்பிஷ்டுதானே? நானும் அப்படித்தான் போனேன். பதினொன்றாம் தலைமுறை லேப்டாப்புக்கு 31,000 சொன்னார்கள். பேட்டரிக்கு ஒருமுறை 3,500 சேர்த்தால் 34,500. ஆனால் அது ஏற்கனவே ஐந்து வருஷம் உழைத்தது. தினமும் பையில் போய்வரும் பொருளுக்கு இனி நான்கு வருஷத்துக்கு மேல் நான் கணக்கு வைக்க மாட்டேன். வருஷத்துக்கு 8,625. புதிதில் கொஞ்சம் உறுதியான மாடல் 54,000. நடுவில் பேட்டரிக்கு 4,500, கடைசியில் 6,000க்கு விற்பேன் என்றால் 52,500. ஆறு வருஷத்துக்கு வகுத்தால் 8,750.

வித்தியாசம் 125 ரூபாய். ரீஃபர்பிஷ்டு 24,000க்குக் கிடைத்திருந்தால் வருஷத்துக்கு 6,875, யோசிக்காமல் எடுத்திருப்பேன். புதிது ஆறு வருஷம் வராமல் நான்கிலேயே படுத்துவிட்டால், அதே 6,000க்கு விற்று, பேட்டரியும் மாற்றாமல் இருந்தாலும் வருஷத்துக்கு 12,000 ஆகிவிடும் என்பதும் தெரியும். இந்தக் கணக்கில் ஊகம் என்பது வகுக்கிற எண்தான், அதனால் ஆறு என்று எழுதும் முன் ஹிஞ்ச்சைப் பார்த்தேன். திரையின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்தபோது அடிப்பக்கம் விரியவில்லை, கிறீச்சிடவும் இல்லை.

கடைசியில் புதிதையே வாங்கினோம். பழையதைவிட எடை முன்னூறு கிராம் குறைவு என்பதுதான் மகளுக்குப் பிடித்த காரணம். எனக்கு, இதில் காலியாக இருக்கும் இரண்டாவது ரேம் இடம். முதல் நாளே சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்துக் கொடுத்தேன். மறுநாளே அதை நூறுக்கு மாற்றிவிட்டாள்.