5 கிகாஹெர்ட்ஸை அணைப்பதா, விருந்தினர் வைஃபையை விட்டு வெளியே வருவதா?

ஸ்மார்ட் ஸ்பீக்கர் இணையவில்லை என்றதும், "ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிடு" என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். கல்லிடைக்குறிச்சியில் சித்தி வீட்டிலும் அதைத்தான் முதலில் செய்தோம். பயன் இல்லை.

நீளமான பழைய வீடு அது. ரவுட்டர் வாசல் அறையில், ஸ்பீக்கர் அடுக்களையில். அமைக்கும்போது ஸ்பீக்கர் தற்காலிகமாகத் தனக்கென ஒரு வைஃபையை உண்டாக்குகிறது. போன் அதில் சேர்ந்து வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டுத் தன் பழைய இணைப்புக்குத் திரும்புகிறது. பிறகு ஸ்பீக்கரைத் தேடுகிறது. எங்களுக்குக் கடவுச்சொல் வரை எல்லாம் சரியாகவே போயிற்று. கடைசிப் படியில்தான் "சாதனம் கிடைக்கவில்லை" என்று வந்தது.

இந்த இடத்தைக் கவனியுங்கள், நோய் எதுவென்று இதுவே சொல்லிவிடும். ஸ்பீக்கர் காட்டும் வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டு வைஃபையின் பெயரே வரவில்லை என்றால் அலைவரிசைச் சிக்கல்: சில ஸ்பீக்கர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அவற்றின் கண்ணில் படாது. பெயர் வந்து, கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டு, கடைசியில் தேடல் தோற்றால் விருந்தினர் வைஃபையைச் சந்தேகியுங்கள்.

ஒரே ரவுட்டரின் 2.4-உம் 5-உம் வழக்கமாக ஒரே வலைதான். போன் ஒன்றிலும் ஸ்பீக்கர் மற்றொன்றிலும் இருந்தாலும் ஒன்றையொன்று பார்க்கும். விருந்தினர் வைஃபை அப்படியல்ல. அதில் உள்ளவர்களை வீட்டுச் சாதனங்களிடமிருந்து பிரித்து வைக்கவே அது இருக்கிறது. போன், ஸ்பீக்கர் இரண்டையும் அதிலேயே சேர்த்துவிடலாமே என்று சித்தி கேட்டார். அதுவும் பெரும்பாலும் உதவாது, உள்ளே இருப்பவர்களையும் அது ஒருவருக்கொருவர் மறைத்துவிடும்.

சித்தியின் போனில் வைஃபை விவரத்தைத் திறந்தேன். ஐபி முகவரி `192.168.5.12`. என் போன் முதன்மை வைஃபையில் இருந்தது, அதில் `192.168.1.7`. மூன்றாவது எண் வேறு, ஆகவே வலையும் வேறு. மாடியில் குடியிருப்பவர்களுக்காகப் போட்ட விருந்தினர் வைஃபையில் சித்தியின் போன் என்றோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை "மறந்துவிடு" கொடுத்து நீக்கி, முதன்மை வைஃபையில் சேர்த்தோம். அடுத்த முயற்சியிலேயே ஸ்பீக்கர் கிடைத்தது. சில ரவுட்டர்கள் இரண்டு வைஃபையிலும் ஒரே வரிசையில் ஐபி எண்களைக் கொடுத்துவிட்டு உள்ளுக்குள் மட்டும் பிரிக்கும். ஆகவே மூன்றாவது எண் ஒத்துப்போனாலும் வைஃபையின் பெயரையும் பார்த்துவிடுங்கள்.

ஆகவே என் தேர்வு, போனை முதன்மை வைஃபைக்கு மாற்றுவதே முதலில். ஒரு நிமிட வேலை, வீட்டில் வேறு எதுவும் அறுபடாது. 5 கிகாஹெர்ட்ஸை அணைத்தால் அதிலிருக்கும் டிவியும் மடிக்கணினியும் துண்டிக்கப்படும். பெயரே பட்டியலில் வராதபோது மட்டும் அதைச் செய்யலாம், அமைத்து முடித்ததும் திரும்பப் போட்டுவிடலாம். அதைவிட நல்லது, 2.4-க்குத் தனிப் பெயர் வைப்பது. இப்படிப்பட்ட நீள வீட்டில் அடுக்களை வரை சுவர்களைத் தாண்டிப் போவது எப்படியும் 2.4 தான். விருந்தினர் வைஃபையின் பிரிப்பை நீக்கும் வழியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். குடியிருப்பவரின் போனுக்குச் சித்தியின் ஸ்பீக்கரும் தெரிய ஆரம்பித்துவிடும்.