வார இறுதி பல் கிளினிக்கில் பல் எடுக்கப் போகிறீர்களா? சேரில் வரும் தண்ணீரைப் பற்றிக் கேட்டுவிட்டு உட்காருங்கள்

கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் சனி, ஞாயிறு மட்டும் திறக்கும் பல் கிளினிக்குகளுக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கிளினிக்கின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். தவிர, நான் சொல்லப்போகும் கோளாறு அந்த ஒரு இடத்தோடு முடிவதும் இல்லை. கோயம்புத்தூரில் பல வருடம் டென்டல் சேர் சர்வீஸ் செய்தவன் நான். அந்தச் சேரின் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. கீழ்க் கடைவாய்ப்பல் உடைந்து வேர் மட்டும் உள்ளே நின்றுவிட்டது. மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்த நேரம், நான் கீழே கோவையில் இருந்தேன். வலி தாங்காமல் தங்கைதான் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் கீழே இருந்து வார இறுதியில் மட்டும் மேலே வருபவர். ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் வெட்டி, வேரை எடுத்துத் தையல் போட்டிருக்கிறார். பில்லில் அதற்கான கட்டணம் போக 'ஸ்டெரைல் கிட், சலைன்' என்று தனியாக 600 ரூபாய்.

"மெஷின்ல வெட்டுறப்போ தண்ணி பீச்சிக்கிட்டே இருந்துச்சுண்ணா. வாயெல்லாம் மண்வாடை அடிக்குதுன்னு அம்மா அப்பவே சொன்னாங்க" என்றாள் தங்கை. அந்த மண்வாடை என்ற சொல்தான் என்னை உறுத்தியது.

தையல் பிரிக்கும் முன்பே தாடை வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை நானே அம்மாவுடன் போனேன். அன்றைக்கு முதல் ஆள் நாங்கள்தான். சேரின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தொங்கும், பார்த்திருப்பீர்கள். பல்லைக் குடையும் ஏர் ரோட்டருக்கும், பல் சுத்தம் செய்யும் ஸ்கேலருக்கும், தண்ணீரும் காற்றும் அடிக்கும் த்ரீ வே சிரிஞ்சுக்கும் தண்ணீர் அதிலிருந்துதான் போகிறது. பாட்டிலின் அடியில் பச்சையும் பழுப்புமாக ஒரு வளையம் ஒட்டியிருந்தது.

"என்ன தண்ணிம்மா ஊத்துறீங்க?" என்று உதவிக்கு நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

"கேன் தண்ணிதாண்ணா. தீர்ந்தா ஊத்துவோம்."

"போன வாரம் மிச்சம் இருந்ததை என்ன பண்ணீங்க?"

"அப்படியேதாண்ணா இருக்கும்."

"மருந்து, மாத்திரை ஏதாவது தண்ணியில போடுவீங்களா?"

அப்படி ஒன்று உண்டு என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

டாக்டரிடம் கேட்டபோது கோபப்படாமல்தான் பதில் சொன்னார். ஆர்ஓ தண்ணீர், சுத்தமானது, ஒவ்வொரு பேஷண்டுக்கும் நடுவில் ரோட்டரை ஓடவிட்டுத் தண்ணீரைக் கழித்துவிடுகிறோம் என்றார். சலைன்? "கடைசியாக் காயத்தைக் கழுவினது சலைன்லதான்." அதாவது எலும்பை வெட்டிய நேரம் முழுக்கத் திறந்த காயத்தில் பாய்ந்தது பாட்டில் தண்ணீர். எங்கள் சண்டை இந்த இடத்தில்தான்.

பாட்டிலுக்கும் ரோட்டருக்கும் நடுவே ஓடும் ட்யூபின் உள்விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய குழாயில் தண்ணீரின் அளவு கொஞ்சம், அது தொடும் சுவரின் பரப்பு அதிகம். தண்ணீர் ஓடும்போதும் நடுவில்தான் வேகம் இருக்கும், சுவரை ஒட்டி ஏறக்குறைய நின்றுவிடும். தண்ணீரில் இருக்கும் ஓரிரு கிருமிகள் அந்தச் சுவரில் ஒட்டி, தம்மைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவினால் விரலில் வழுக்குமே, அதே பாசிதான். சர்வீஸில் பழைய ட்யூபை நீளவாக்கில் கீறி எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே கொழகொழவென்று இருக்கும். அதிலிருந்து துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து தண்ணீரோடு வாய்க்குள் போகும்.

தண்ணீர் நிற்க நிற்க இந்தப் படலம் தடிக்கும். தினமும் ஓடும் கிளினிக்கிலேயே ஓர் இரவில் கிருமிகளின் எண்ணிக்கை ஏறிவிடும். வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கும் இடத்தில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆர்ஓ தண்ணீர் இதற்குக் காப்பு இல்லை. நகராட்சித் தண்ணீரில் கொஞ்சமாவது குளோரின் மிச்சம் இருக்கும், ஆர்ஓவில் அதுவும் போய்விடுகிறது. நம் ஊர்க் குளிரில் பல் கூசுகிறதென்று தண்ணீரை வெதுவெதுப்பாக்கும் ஹீட்டர் சில சேர்களில் உண்டு. அது கிருமிக்கு இன்னும் வசதி.

டாக்டர் சொன்ன 'ஓடவிட்டுக் கழிப்பது' அவசியமான வேலைதான், ஆனால் அது வேறு காரியத்துக்கு. ரோட்டரை நிறுத்தும் நொடியில் அது லேசாக உள்ளிழுக்கும். வாயில் இருக்கும் எச்சிலும் ரத்தமும் ஒரு சொட்டு பின்னால் போகலாம். அதைத் தடுக்க உள்ளே ஒரு வால்வு இருக்கிறது, ரப்பர் தேய்ந்தால் அது வேலை செய்யாது. அதனால்தான் ஒவ்வொரு பேஷண்ட் முடிந்ததும் வாய்க்குள் போன ஒவ்வொரு கருவியிலும் 20 முதல் 30 விநாடி தண்ணீரையும் காற்றையும் ஓடவிட வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2003 வழிகாட்டுதல் சொல்கிறது. அதன் பிறகு ரோட்டரைக் கழற்றி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 2 மில்லிமீட்டர் ட்யூபில் ஒரு மீட்டருக்கு 3 மில்லிக்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கும். ஆறு மீட்டர் ஓடினால் 19 மில்லி. ரோட்டர் நிமிடத்துக்கு சுமார் 50 மில்லி விடுகிறது என்று வைத்தால் 30 விநாடியில் 25 மில்லி. நின்ற தண்ணீர் ஒருமுறை மாறுகிறது, அவ்வளவுதான். முந்தைய ஆளின் எச்சிலை வெளியேற்ற அது போதும். சுவரில் ஒட்டிய பாசி அரை மணி நேரம் ஓடவிட்டாலும் போகாது, புதுத் தண்ணீரும் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும்.

பாசியைக் கொல்ல மருந்துதான் வேண்டும். முதலில் கடுமையான மருந்தை ட்யூப் முழுக்க நிரப்பி, சொன்ன நேரம் ஊறவிட்டு, சுத்தமாக அலச வேண்டும். ஹைபோகுளோரைட், ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்தவை எனப் பல உண்டு. சேர் தயாரித்த கம்பெனி எதை, எந்த அளவில் சொல்கிறதோ அதைத்தான் போட வேண்டும். ஹைபோவை அதிகம் ஊற்றி உலோக வால்வுகள் அரித்துப்போன சேர்களை நானே பழுது பார்த்திருக்கிறேன். அப்புறம் அன்றாடம் நிரப்பும் தண்ணீரில் அதற்கென விற்கும் மாத்திரையோ திரவமோ குறைந்த அளவில் சேர வேண்டும். கிளினிக்கைப் பூட்டும்போது பாட்டிலைக் காலி செய்து, ட்யூபில் காற்றை ஓடவிட்டு, காயவிட்டுப் போக வேண்டும். வாரம் ஒருமுறை திறப்பவர்களுக்கு இந்தக் கடைசி வேலை மிக முக்கியம். இத்தனையும் பலித்ததா என்று அவ்வப்போது தண்ணீரைச் சோதிக்கவும் வேண்டும். சாதாரணப் பல் வேலைக்கு ஒரு மில்லியில் 500 கிருமிக் கூட்டங்களுக்கு மேல் போகக்கூடாது என்பது அதே வழிகாட்டுதலின் வரம்பு.

டாக்டரிடம் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக எடுங்கள் என்றார், தண்ணீர் சுத்தம்தான் என்று அவர் நம்பினார். பாட்டிலில் இருந்து ஒன்று, த்ரீ வே சிரிஞ்சின் முனையில் இருந்து ஒன்று என ஸ்டெரைல் பாட்டில்களில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கோவை லேபில் கொடுத்தேன். அன்று காலை புதிதாக ஊற்றியிருந்த பாட்டில் தண்ணீர் வரம்புக்குள் இருந்தது. சிரிஞ்சு முனைத் தண்ணீருக்கு 'எண்ண முடியாத அளவு' என்று ரிப்போர்ட் வந்தது. ஒரே தண்ணீர்தான், நடுவில் ட்யூப் வழியே வந்ததுதான் வித்தியாசம்.

அம்மாவின் சீழ் அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு எல்லாம் சுத்தமாக இருந்தாலும் வரலாம். அரசு மருத்துவமனையில் காயத்தைத் திறந்து கழுவி, மருந்து கொடுத்து, இப்போது ஆறிவிட்டது. ஆனால் பயம் கற்பனை அல்ல. 2016-இல் கலிஃபோர்னியாவின் அனாஹைமில் ஒரு பல் கிளினிக்கில் பால்பல்லின் உள்சதையை எடுக்கும் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகள் எழுபதுக்கும் மேற்பட்டோருக்கு, சேர்த் தண்ணீரில் இருந்த மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி தொற்றியது. பலருக்குத் தாடை எலும்பு வரை போய் அறுவை சிகிச்சை ஆனது. இத்தாலியில் 2011-இல் 82 வயதுப் பெண்மணி ஒருவர் பல் சேரின் தண்ணீரில் இருந்த லெஜியனெல்லா என்ற கிருமியால் நிமோனியா வந்து இறந்தார்.

எலும்பைத் தொடும் வேலைக்கு 500 என்ற வரம்பும் பொருந்தாது. அங்கே ஸ்டெரைல் தண்ணீர் அல்லது சலைன் மட்டும்தான், அதுவும் சேரின் ட்யூப் வழியாக வரக்கூடாது. பாட்டிலில் சலைனையே ஊற்றினாலும் ட்யூபைத் தாண்டும்போது அது ஸ்டெரைல் இல்லை. முறையாகச் செய்கிற இடத்தில் சலைன் பாட்டிலைக் கம்பியில் தொங்கவிட்டு, தனி ஸ்டெரைல் ட்யூப் மாட்டிய பிசியோ டிஸ்பென்சர் என்ற மோட்டார் கருவியில் வெட்டுவார்கள். அது இல்லாத இடத்தில் உதவியாளர் ஸ்டெரைல் சிரிஞ்சில் சலைனை இழுத்து, வெட்டும் இடத்தில் விட்டுக்கொண்டே இருப்பார். ஒரு அரை லிட்டர் சலைன் பாட்டிலின் விலை பெரிய விலை இல்லை. எங்களிடம் 600 ரூபாய் வாங்கினார்கள்.

ஆகவே ஈறைக் கீறி எடுக்க வேண்டும் என்று சொன்னால், தேதி குறிக்கும்போதே "வெட்டும்போது எந்தத் தண்ணி, எந்த ட்யூப்ல வரும் டாக்டர்?" என்று கேளுங்கள். வெறும் பல் சுத்தம், அடைப்பு என்றால் தண்ணீரில் என்ன மருந்து போடுகிறார்கள், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். செய்கிறவர்களுக்கு இதற்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கும். சனிக்கிழமை காலை முதல் ஆளாகப் போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள், கேன்சர் மருந்து எடுப்பவர்கள், சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் பதில் சரியில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

600 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன், தர மறுத்துவிட்டார். பில்லையும் லேப் ரிப்போர்ட்டையும் இணைத்து மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வராவிட்டால் ஊட்டி நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை டாக்டரிடமும் நேரில் கொடுத்தேன். அதற்குப் பிறகு சேரில் புது பாட்டில் மாட்டியிருக்கிறார்கள் என்று அங்கே போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ட்யூபை மாற்றினார்களா, மருந்து போடுகிறார்களா என்று அவரைக் கேட்கச் சொன்னேன். இரண்டுக்கும் இல்லை என்றுதான் பதில் வந்தது.