கெப்ளரின் மூன்றாம் விதி: மூன்று வழிகளில் எது எந்தக் கணக்குக்கு?

கோள்களின் சுற்றுக்காலக் கணக்கு என்றாலே T² ∝ r³ என்று எழுதிவிட்டுப் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். விதி தெரியாமல் இல்லை. அதை எந்த வடிவத்தில் எடுத்துக்கொள்வது என்பதில்தான் தயக்கம். இந்த ஒரே விதியை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம்.

முதலாவது விகித வழி: (T₂/T₁)² = (r₂/r₁)³
இரண்டாவது ஆண்டு, வானியல் அலகு வழி: T² = a³
மூன்றாவது முழுச் சூத்திரம்: T² = 4π²r³/GM

இங்கே T சுற்றுக்காலம், r அல்லது a மையத்திலிருந்து உள்ள தூரம், M நடுவில் இருக்கும் பொருளின் நிறை, G ஈர்ப்பு மாறிலி.

மூன்றும் ஒன்றுதானே, எதைப் போட்டாலும் விடை வருமே என்று தோன்றும். வராது. வியாழனையும் அதன் நிலாக்களையும் வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். அதனால் இந்த அலசல் பெரும்பாலும் வியாழனைச் சுற்றியே நடக்கும்.

ஆண்டு, வானியல் அலகு வழியில் தொடங்கலாம். டைக்கோ பிராகே சேர்த்து வைத்த அளவீடுகளிலிருந்து கெப்ளர் 1618இல் இந்த உறவைக் கண்டபோது, பூமியிலிருந்து சூரியன் எத்தனை கிலோமீட்டர் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. பூமியின் தூரத்தை 1 என்றும், பூமி சுற்றும் காலத்தை 1 ஆண்டு என்றும் வைத்துக்கொண்டால் மற்றக் கோள்களை அந்த அளவிலேயே சொல்லிவிடலாம். மாறிலியும் 1 ஆகிவிடுகிறது. வியாழனின் சராசரித் தூரம் 5.203 வானியல் அலகு.

a³ = 5.203³ = 140.85
T = √140.85 = 11.868 ஆண்டு

அளந்து கண்ட மதிப்பு 11.862 ஆண்டு. இரண்டே வரியில் இவ்வளவு நெருக்கம். அந்த 0.006 ஆண்டு வித்தியாசத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு வருவோம். திருப்பிப் போட்டாலும் இதே சுலபம்தான். சனியின் சுற்றுக்காலம் 29.46 ஆண்டு. அதன் வர்க்கம் 867.9, அதன் கனமூலம் 9.54. சனி அத்தனை வானியல் அலகு தொலைவில் இருக்கிறது. சூரியனைச் சுற்றும் எதற்கும், அது கோளோ சிறுகோளோ வால்மீனோ, என் முதல் தேர்வு இந்த வழிதான். பாதை நீள்வட்டமாக இருந்தால் r இருக்கும் இடத்தில் அரை நெட்டச்சைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த வழியின் சுலபமே அதன் ஆபத்தும் ஆகிறது. T² = a³ என்பதில் M என்ற எழுத்தே கண்ணில் படுவதில்லை. அதனால் அது எங்கேயும் செல்லுபடியாகும் என்று நினைத்துவிடுகிறோம். வியாழனின் நிலா அயோவை எடுங்கள். வியாழனின் மையத்திலிருந்து அதன் தூரம் 4,21,700 கிமீ, அதாவது 0.002819 வானியல் அலகு. இதை அப்படியே சூத்திரத்தில் போட்டால்:

a³ = 2.240 × 10⁻⁸
T = 1.497 × 10⁻⁴ ஆண்டு = 0.05467 நாள்

ஏறக்குறைய ஒரு மணி 19 நிமிடம். உண்மையில் அயோ ஒரு சுற்றுக்கு 1.769 நாள் எடுத்துக்கொள்கிறது. விடை முப்பது மடங்குக்கு மேல் தவறு. இந்தத் தவறைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அது எவ்வளவு தவறு என்று பார்க்க வேண்டும்.

1.769 / 0.05467 = 32.36
32.36² = 1047

சூரியன் வியாழனைப் போல 1047 மடங்கு நிறை கொண்டது. நாம் அறியாமல் கேட்ட கேள்வி வேறு: ‘அயோவின் தூரத்தில், நடுவில் சூரியனே இருந்திருந்தால் எவ்வளவு நேரத்தில் சுற்றும்?’ அதற்கு 0.05467 நாள் என்பது சரியான விடைதான். நடுவில் இருப்பது வியாழன் என்பதால் இழுப்பு 1047 மடங்கு குறைவு, காலம் அதன் வர்க்கமூலமான 32.36 மடங்கு அதிகம். இந்த வழியில் M ஒளிந்திருக்கிறதே தவிர, இல்லாமல் போகவில்லை. சூரியனின் நிறையை 1 என்று வைத்ததால்தான் கண்ணில் படவில்லை. வேறொரு பொருளைச் சுற்றும்போது T² = a³/M என்று எழுதி, M-ஐச் சூரிய நிறையில் போட்டால் இதே வழி அங்கேயும் சரியாகும்.

சரி, அயோவைத் தெரியும், அடுத்த நிலா யூரோப்பாவின் காலம் வேண்டும் என்றால்? இங்கே விகித வழியை அடிக்க ஆளில்லை. இரண்டும் வியாழனையே சுற்றுகின்றன, எனவே GM-உம் 4π²-உம் அடிபட்டுப் போய்விடும். கிலோமீட்டரை மீட்டராக்க வேண்டாம், நாளை விநாடியாக்க வேண்டாம். யூரோப்பாவின் தூரம் 6,71,100 கிமீ.

r₂/r₁ = 671100/421700 = 1.5914
1.5914³ = 4.030
√4.030 = 2.0076
T₂ = 2.0076 × 1.769 = 3.551 நாள்

அளந்த மதிப்பும் 3.551 நாள்தான். இந்த வழிக்கு ஒரே ஒரு நிபந்தனை: இரண்டும் ஒரே மையப் பொருளைச் சுற்ற வேண்டும். பூமியின் நிலாவை வைத்து அயோவின் காலத்தை விகிதத்தில் எடுக்க முடியாது.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. கால்குலேட்டரில் 1.5914 ^ (3/2) என்று அடிக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறியை விட்டுவிட்டு 1.5914^3/2 என்று அடித்தால், அது முதலில் கனம் எடுத்துப் பிறகு இரண்டால் வகுத்துவிடும். வரும் எண் 2.015. சரியான எண் 2.0076. விடை 3.565 நாள் என்று வரும். கொஞ்சம்தான் பிசகு, இலக்கங்களைச் சுருக்கியதில் வந்திருக்கும் என்று எண்ணிக் கடந்துவிடுவோம். கனம் தற்செயலாக 4-க்குப் பக்கத்தில் வந்ததுதான் காரணம், 4-இன் பாதியும் அதன் வர்க்கமூலமும் ஒன்றே அல்லவா! அதே தவறை அடுத்த நிலா கனிமீடுக்குச் செய்து பாருங்கள். தூரம் 10,70,400 கிமீ, விகிதம் 2.5383, கனம் 16.35. சரியாகப் போட்டால் 4.044 × 1.769 = 7.154 நாள். அடைப்புக்குறி இல்லாமல் போட்டால் 14.47 நாள். அங்கேதான் குட்டு வெளிப்படும். அதனால் விகிதக் கணக்கில் கனத்தையும் வர்க்கமூலத்தையும் தனித்தனி வரியில் எழுதுவதே நல்லது. ஒரே அடியில் முடிக்க முயன்றால் தவறு எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

விகிதத்தைத் தலைகீழாகப் போட்டுவிடுவதும் நடக்கும். அதைப் பிடிக்கக் கணக்கே வேண்டாம். தூரத்தில் இருப்பதுதான் அதிகக் காலம் எடுக்கும். யூரோப்பா அயோவைவிட வெளியே இருக்கிறது, அதன் விடை 1.769-ஐவிடக் குறைந்தால் உடனே நிறுத்திவிடலாம்.

அப்புறம் முழுச் சூத்திரம். விகித வழியால் ஒரு கேள்விக்கு மட்டும் எப்போதும் பதில் சொல்ல முடியாது: வியாழனின் நிறை எத்தனை கிலோகிராம்? நியூட்டன் 1687இல் ஈர்ப்பு விதியை வெளியிட்டபோது அவராலும் வியாழன் சூரியனில் எத்தனையில் ஒரு பங்கு என்றுதான் கணக்கிட முடிந்தது. 1798இல் கேவண்டிஷ் சோதனைச்சாலையில் ஈயக் குண்டுகளின் ஈர்ப்பை அளந்து பூமியின் அடர்த்தியைச் சொன்ன பிறகே கிலோகிராமுக்கு வழி பிறந்தது. இப்போது அயோவை வைத்தே போடலாம்.

r = 4.217 × 10⁸ மீ, r³ = 7.499 × 10²⁵
T = 1.769 × 86400 = 1.528 × 10⁵ விநாடி, T² = 2.336 × 10¹⁰
M = 4π²r³/GT² = (39.48 × 7.499 × 10²⁵) / (6.674 × 10⁻¹¹ × 2.336 × 10¹⁰)
M = 1.90 × 10²⁷ கிகி

அயோவின் நிறை இதில் எங்குமே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த வழியில் அலகுதான் எதிரி. நாளை விநாடியாக்க மறந்தால் விடை 10³⁷ கிகி அளவுக்குப் போய், சூரியனின் 2 × 10³⁰ கிகியையே தாண்டிவிடும். கிலோமீட்டரை மீட்டராக்க மறந்தால் 1.9 × 10¹⁸ கிகி என்று வந்து, நம் நிலாவைவிடவே வியாழன் இலேசாகிவிடும். அதனால் சூரியன், பூமி, நிலா ஆகியவற்றின் நிறைகளை மனப்பாடமாக வைத்திருப்பது இந்தக் கணக்குகளில் நேரடியாகக் கைகொடுக்கும்.

நிறையைக் கேட்காமல் தூரத்தை மட்டும் கேட்டால் G-யையும் M-ஐயும் தனியே போட்டுப் பெருக்க வேண்டாம். GM என்ற பெருக்கலை நேரடியாக எடுங்கள். G-யை மட்டும் அளப்பது கடினம், ஆனால் பூமியின் GM பல இலக்கத் துல்லியத்தில் தெரியும்: 3.986 × 10¹⁴ மீ³/வி². புவிநிலைத் துணைக்கோளுக்கு T = 86,164 விநாடி. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் உண்மையான நேரம் அதுதான், 86,400 அல்ல.

r³ = GMT²/4π² = 7.496 × 10²²
r = 4.2164 × 10⁷ மீ = 42,164 கிமீ

இது பூமியின் மையத்திலிருந்து. உயரம் கேட்டால் 6,378-ஐக் கழித்து 35,786 கிமீ என்று எழுத வேண்டும். 86,400 போட்டிருந்தால் 77 கிமீ பிசகும். கழிக்க மறந்தால் 6,378 கிமீ பிசகும். வகுப்பில் அதிகம் பார்ப்பது இரண்டாவது தவறைத்தான்.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன அந்த 0.006 ஆண்டு. மூன்று வழிகளும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகின்றன: நடுவில் இருப்பது அசையாது என்பது. உண்மையில் சூரியனும் வியாழனும் தங்கள் பொது நிறைமையத்தைச் சுற்றுகின்றன, சூத்திரத்தில் M இருக்கும் இடத்தில் M + m வர வேண்டும். வியாழனுக்கு அது 1 + 1/1047 = 1.000955. இதன் வர்க்கமூலம் 1.000477.

11.868 / 1.000477 = 11.862 ஆண்டு

அயோ கணக்கில் தவறாக வந்த அதே 1047 தான் இங்கே வியாழனின் ஆண்டைத் திருத்தித் தருகிறது.