பழைய லேப்டாப் வாங்குகிறீர்களா? பாட்டு போட்டுக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்

வளைகுடாவில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தக்கலையில் வீட்டிலிருந்தே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஜூன் மாதம் நாகர்கோவிலில் ஒரு கடையில் 19,500 ரூபாய் கொடுத்துப் பழைய லேப்டாப் வாங்கினேன். கடைக்காரர் ஒரு குத்துப்பாட்டைச் சத்தமாக வைத்தார். ஹெட்போனைச் சொருகினார், அதிலும் பாட்டு கேட்டது. சரி என்று வாங்கிவிட்டேன்.

முதல் வகுப்பிலேயே, "டீச்சர், நாங்க பேசுறது எங்களுக்கே திரும்பக் கேக்குது" என்றார்கள். எனக்கோ எதுவும் கேட்கவில்லை. கடைக்குப் போன் செய்தால், "உங்க நெட்டு ஸ்லோவா இருக்கும் டீச்சர்" என்றார். அதை நம்பிப் பத்து நாள் நெட்காரரோடு மல்லுக்கட்டினேன். அந்த மனிதர் மேல் தப்பே இல்லை.

தன் குரலே திரும்பக் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், கோளாறு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கும். பிள்ளையின் குரல் என் ஸ்பீக்கரில் வந்து, என் மைக்கில் புகுந்து, அப்படியே திரும்பிப் போகிறது. சாதாரணமாகக் கால் பேசும் ஆப் இதைக் கழித்துவிடும். ஸ்பீக்கருக்கு என்ன சத்தம் அனுப்பினோம் என்று அதற்குத் தெரியும். ஆனால் ஸ்பீக்கர் கரகரத்தால், அனுப்பியது ஒன்று, வெளியே வருவது வேறொன்று. முழுதாகக் கழிக்க முடியாமல் மிச்சம் போய்ச் சேருகிறது.

ஹெட்செட் போட்டேன். எதிரொலி நின்றது, ஆனால் நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. Settings > System > Sound போய் Input பகுதியில் ஹெட்செட் மைக்கைத் தேர்ந்தெடுத்து, அந்த மைக்கை நகத்தால் சுரண்டினேன். அங்கே சத்தத்தைக் காட்டும் கோடு அசையவே இல்லை. அதே ஹெட்செட் போனில் நன்றாக வேலை செய்தது. Input-ஐ லேப்டாப்பின் சொந்த மைக்குக்கு மாற்றினால் பேச்சு போனது, ஆனால் தகரக் கூரையில் விழும் மழையும் கூடவே போனது.

மார்த்தாண்டத்தில் ஒரு மெக்கானிக் கழற்றிக் காட்டினார். ஒரு ஸ்பீக்கரின் விளிம்பு கிழிந்து பசை வைத்து ஒட்டியிருந்தது. ஹெட்செட் சொருகும் ஜாக்கின் உள்ளே ஒரு பித்தளை நாக்கு பச்சை பூத்திருந்தது. "கடப்புறத்துல கிடந்த மெஷின் டீச்சர், உப்புக்காத்து தின்னுருக்கு" என்றார். இரண்டையும் மாற்ற 1,600 ரூபாய் ஆனது. பில்லில் ஒரு மாத வாரண்டி என்று எழுதியிருந்தும், ஸ்பீக்கரும் ஜாக்கும் அதில் வராது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

வாங்கப் போகிறவர்கள் பாட்டுக்குப் பதிலாகச் செய்தி வாசிப்பை முழுச் சத்தத்தில் வையுங்கள். பாட்டின் தாளத்தில் கரகரப்பு ஒளிந்துகொள்ளும், தனிக் குரலில் ஒளியாது. சொருகும் முனையில் மூன்று கருப்பு வளையம் உள்ள ஹெட்செட்டையே கொண்டு போங்கள். இரண்டு வளையம் என்றால் அதில் மைக் கிடையாது. அப்புறம் கூட வந்தவரைத் தெருவில் நிறுத்தி, ஹெட்செட் இல்லாமல் ஒரு கால் பேசுங்கள். அவர் குரல் அவருக்கே கேட்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த லேப்டாப் வேண்டாம்.