தூசிப்பூச்சி உறைகள்: நெருக்க நெசவா, லேமினேட்டா, நான்-ஓவனா?

மெத்தை உறை கேட்டால் கடையில் முதலில் காட்டுவது த்ரெட் கவுண்ட் எண்ணைத்தான். டஸ்ட் மைட் என்கிற தூசிப்பூச்சியைத் தடுக்க அந்த எண் பெரிதாக உதவாது. ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை நூல் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். இரண்டு இழை முறுக்கிய நூலை இரண்டாக எண்ணிப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. நாம் கேட்க வேண்டியது துணியின் துளை அளவு, அதுவும் மைக்ரான் கணக்கில்.

வளர்ந்த பூச்சி சுமார் 300 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதைத் தடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. தும்மலையும் இழுப்பையும் கிளப்புவது அதன் எச்சம். அந்த உருண்டைகள் பெரும்பாலும் 10 முதல் 40 மைக்ரான்தான். அதனால் துளை 10 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது. அட்டையில் ‘சராசரித் துளை’ என்று மட்டும் போட்டிருந்தால், பெரிய துளை எவ்வளவு என்றும் கேளுங்கள். சராசரிக்குள் பெரிய ஓட்டைகள் ஒளிந்துகொள்ளும்.

நெருக்க நெசவு மைக்ரோஃபைபர் உறையில் ஒவ்வொரு நூலும் மிக மெல்லிய இழைகள் பலவற்றின் கொத்து. நெய்யும்போது இந்தக் கொத்து தட்டையாகப் பரவி, பாவும் ஊடும் சந்திக்கும் மூலைகளை அடைத்துவிடுகிறது. இத்தனைக்கும் காற்றும் வியர்வை ஆவியும் போய் வரும். சாதாரணப் பருத்தி விரிப்பில் அந்த மூலைகள் திறந்தே கிடக்கும்.

லேமினேட் உறையில் நெசவை நம்ப வேண்டியதில்லை. துணிக்கு அடியில் ஒட்டிய பாலியூரித்தேன் படலமே எல்லாவற்றையும் தடுத்துவிடும். படுக்கையை நனைக்கும் குழந்தை இருந்தால் இதுதான் சரி. ஆனால் சென்னை மே மாதத்தில் முதுகுக்குக் கீழே சூடு தங்கும்.

நான்-ஓவன் உறை மலிவு. நெய்யாமல் இழைகளை அழுத்தி ஒட்டிய துணி அது. எச்சத்தை உள்ளே விடாவிட்டாலும் இழைச் சிக்கலுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும், பூச்சிக்கும் ஒண்டிக்கொள்ள இடம் கொடுக்கும். துவைக்கத் துவைக்க நைந்தும் போகும். நான் வாங்க மாட்டேன்.

எந்தத் துணியானாலும் ஆறு பக்கமும் மூடி ஜிப் போடுகிற உறையாக இருக்க வேண்டும். ‘மேட்ரஸ் ப்ரொடெக்டர்’ என்று விற்பவற்றில் பாதி, மேலே போர்த்தி ஓரத்தில் எலாஸ்டிக் வைத்தவை. அடியும் பக்கமும் திறந்தே இருக்கும். ஜிப்பின் முனையில் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். தலையணையை விட்டுவிட்டு மெத்தைக்கு மட்டும் உறை போடுவதில் அர்த்தமில்லை, மூக்கு இருப்பது தலையணையில்தான்.

உறை மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2003-இல் இங்கிலாந்தில் ஆஸ்துமா உள்ள 1,122 பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வில், உறையால் மட்டும் பலன் தெரியவில்லை. உறைக்கு மேலே விரிக்கும் துணியில் பூச்சி மறுபடியும் சேரும், அதனால் வாராவாரம் துவைப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

பூச்சி சாக 55 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எச்சம் தண்ணீரில் கரையும் என்பதால் பச்சைத் தண்ணீரில் துவைத்தாலும் பெரும்பகுதி போய்விடும், பூச்சி மட்டும் பிழைத்துக்கொள்ளும். பருத்தி விரிப்பு 60 டிகிரியைத் தாராளமாகத் தாங்கும், சாயம் போகிற ரகமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோஃபைபரும் பொதுவாக 60 தாங்கும், சூடான இஸ்திரிப் பெட்டி வேண்டாம். லேமினேட்டுக்கு லேபிளில் இருப்பதே எல்லை. அதைத் தாண்டினாலோ ப்ளீச் ஊற்றினாலோ படலம் கொப்புளம் விட்டு உரியும். வெளிச்சத்தில் பிடித்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். அதற்கப்புறம் அந்த உறை பயன்படாது. கம்பளியும் பட்டும் இந்தச் சூட்டுக்கு வராது.

ஹீட்டர் இல்லாத டாப் லோட் மெஷின் என்றால் வாளியிலேயே முடிக்கலாம். 28 டிகிரி குழாய்த் தண்ணீர் 5 லிட்டரை முதலில் ஊற்றி, கொதிக்கும் தண்ணீர் 5 லிட்டரை அப்புறம் சேர்த்தால் கணக்குப்படி 64 டிகிரி. வாளியும் துணியும் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொண்டாலும் 60-ஐ ஒட்டி நிற்கும். விரிப்பைக் கம்பால் அமுக்கி, மூடி வைத்து கால் மணி நேரம் ஊற விடுங்கள். அப்புறம் வழக்கம்போல மெஷினில் போடலாம். கை வைத்துப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும்; சமையல் தெர்மாமீட்டர் போதும்.

சூடு தாங்காத குழந்தைப் பொம்மையைப் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாளுக்கு மேல் வைத்தால் பூச்சி செத்துவிடும். எச்சம் அப்படியே இருக்கும் என்பதால், வெளியே எடுத்து ஒருமுறை பச்சைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும்.