தொகையீட்டு அட்டவணையை வகைக்கெழுவோடு பிணைத்து மனனம் செய்தல்: 4 ஆண்டுகள் பயன்படுத்திய பின்

11-ஆம் வகுப்பில் படித்தபோது தொகையீட்டுச் சூத்திரங்களை எல்லோரையும் போலத்தான் நானும் மனப்பாடம் செய்தேன். ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக எழுதி மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டிவைத்து, பொதுத்தேர்வு முடியும்வரை காலையும் மாலையும் ஒப்பித்து வந்தேன். தேர்வு முடிந்த ஆறே மாதத்தில் அதில் பாதி நினைவிலிருந்து போய்விட்டது. மீதிப் பாதியில் எங்கே மைனஸ் வரும், எங்கே 1/a வரும் என்பது குழம்பிப்போனது. பிற்பாடு மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது அதே அட்டவணையை இரண்டாம் முறையாகக் கற்க வேண்டி வந்தது. இம்முறை ஒவ்வொரு வரியையும் அது எந்த வகைக்கெழுவைத் திருப்பிப் போட்டது என்பதோடு சேர்த்தே கற்பது என்று முடிவு செய்தேன். 4 ஆண்டுகளாக இதே முறையைத்தான் கையாள்கிறேன். இதில் எது பயன்பட்டது, எது காலை வாரியது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

செய்முறை மிக எளிது. ஒரு நோட்டின் பக்கத்தை நெடுக்கில் மடித்து, இடப்பக்கம் சார்பையும் வலப்பக்கம் அதன் வகைக்கெழுவையும் எழுதினேன். தொகையீட்டு அட்டவணை என்று தனியாக ஒன்றை எழுதவே இல்லை. வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு சொன்னால் வகையிடல். இடப்பக்கத்தை மறைத்துக்கொண்டு சொன்னால் தொகையிடல். sec x-க்கு எதிரே sec x tan x என்று இருக்கும்; ஆகவே ∫ sec x tan x dx = sec x + c என்பதைப் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. வகைக்கெழு நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு அட்டவணையின் முதல் பத்துப் பன்னிரண்டு வரிகள் ஒரே மாலையில் வந்துவிடும்.

முதல் இடறலும் அங்கேதான் காத்திருந்தது. இரண்டு அட்டவணைகளையும் ஒரே தாளில் பிணைத்ததால், எந்தத் திசையில் போகிறோம் என்பது முதல் சில வாரங்கள் குழம்பியது. தனித்தனியாக ஒப்பித்த காலத்தில் நான் ஒருபோதும் செய்யாத பிழைகளை அப்போது செய்தேன்: ∫ cos x dx என்பதற்கு −sin x என்றும், ∫ tan x dx என்பதற்கு sec² x என்றும் கை தானாக எழுதியது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளிடமும் இதே பிழையை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இதற்கு நான் கண்ட ஒரே தீர்வு, தொகையீட்டுக் குறியைப் பார்த்ததும் அதை ஒரு கேள்வியாக வாய்விட்டுப் படிப்பது: “எதை வகையிட்டால் cos x கிடைக்கும்?” இந்த வாக்கியத்தை முழுமையாகச் சொன்னால் −sin x என்று எழுத வராது, ஏனெனில் −sin x-ஐ வகையிட்டால் −cos x அல்லவா கிடைக்கும். முறையைத் தொடங்குபவர்கள் இந்தக் கேள்வியைச் சுருக்காமல் ஒரு மாதமாவது சொல்லிவர வேண்டும்.

மைனஸ் குறியைப் பொறுத்தவரை இந்த முறை எனக்குத் தந்தது ஒரு சிறு விதி. கோசைன், கோடேன்ஜென்ட், கோசீகன்ட் என்று பெயர் ‘கோ’வில் தொடங்கும் மூன்றின் வகைக்கெழுக்களும் மைனஸோடு வரும். எனவே தொகையிட்டுக் கிடைக்கும் விடையில் இவற்றுள் ஒன்று நேரடியாக வந்தால் அதன் முன் மைனஸ் இருக்கும்: ∫ sin x dx = −cos x + c, ∫ cosec² x dx = −cot x + c, ∫ cosec x cot x dx = −cosec x + c. கேள்வியில் உள்ள சார்பைப் பார்க்கக் கூடாது, விடையில் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. விடை மடக்கையாக வரும் வரிகளுக்கு இந்த விதி செல்லாது. அவற்றை வகையிட்டுப் பார்த்துத்தான் குறியை முடிவு செய்ய வேண்டும்.

இந்த முறை தன் முழு மதிப்பையும் காட்டிய இடம் a வரும் சூத்திரங்கள். சுவரில் தாள் ஒட்டிய காலத்தில் எனக்குத் தீராத தொல்லை இந்த இரண்டு வரிகள்தாம்:

∫ dx/(a² + x²) = (1/a) tan⁻¹(x/a) + c

∫ dx/√(a² − x²) = sin⁻¹(x/a) + c

“ஒன்றில் 1/a இருக்கிறது, இன்னொன்றில் ஏன் இல்லை, அக்கா?” என்று கடந்த ஆண்டு ஒரு மாணவி கேட்டாள். நான் விளக்கம் சொல்லாமல் இரண்டு விடைகளையும் வகையிடச் சொன்னேன். முதலில் tan⁻¹(x/a)-ஐ மட்டும் எடுத்தாள். சங்கிலி விதிப்படி உள்ளே இருக்கும் x/a-இலிருந்து ஒரு 1/a வெளியே வரும். அதன் கீழே 1 + x²/a² இருக்கும். இந்தப் பகுதி (a² + x²)/a² என்று ஆவதால் a² மேலே ஏறி, 1/a-வோடு பெருகி, ஒரு a மிஞ்சுகிறது. அதாவது கிடைப்பது a/(a² + x²). நமக்கு வேண்டியது 1/(a² + x²) மட்டுமே என்பதால், மிஞ்சிய அந்த a-வைக் கழற்றவே முன்னால் 1/a நிற்கிறது. அடுத்து sin⁻¹(x/a). இங்கும் சங்கிலி விதி அதே 1/a-வைத் தருகிறது. ஆனால் கீழே √(1 − x²/a²) என்று வர்க்கமூலம் இருப்பதால் உள்ளிருந்து வெளிவருவது a² அல்ல, வெறும் a. (a-வை நேர்மமாகக் கொள்கிறோம்.) அது மேலே ஏறி 1/a-வோடு சரியாக நீங்கிவிடுகிறது, மிச்சம் எதுவும் இல்லை, ஆகவே முன்னால் எதையும் வைக்கத் தேவையில்லை. எல்லாம் சேர்ந்து நோட்டில் ஆறு வரிகூட வரவில்லை. அதன் பிறகு அவள் அந்த இரண்டையும் மாற்றி எழுதி நான் பார்க்கவில்லை. ஒருமுறை ஐயம் வந்தபோதும், விடையின் ஓரத்தில் பென்சிலால் வகையிட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த குறை, வகைக்கெழு அட்டவணையில் நேரே எதிர்ப்படாத வரிகள். ∫ sec x dx = log|sec x + tan x| + c என்பதை எடுத்துக்கொள்வோம். மடித்த பக்கத்தின் வலப்புறம் தனியாக sec x என்று எங்குமே இல்லை; ஆகவே ‘திருப்பிப் போடுதல்’ என்ற எண்ணத்தால் இந்த விடையைக் கண்டுபிடிக்க முடியாது. வரலாற்றிலும் இது எளிதாகக் கிடைத்துவிடவில்லை. மெர்கேட்டரின் கடல்வரைபடத்தில் அட்சரேகைகளை எவ்வளவு இடைவெளியில் வரைவது என்று கணக்கிட, எட்வர்டு ரைட் 1599-இல் சீகன்ட் மதிப்புகளைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போய் ஓர் அட்டவணை வெளியிட்டார். 1640-களில் ஹென்றி பாண்ட் அந்த எண்கள் ஒரு மடக்கை அட்டவணையோடு ஒத்துப்போவதைத் தற்செயலாகக் கவனித்தார். அது ஏன் என்பதை ஜேம்ஸ் கிரிகோரி 1668-இல்தான் நிறுவினார். அவ்வளவு பேரைக் காக்கவைத்த வரியை 17 வயதுப் பிள்ளை யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் விடையை ஒருமுறை பார்த்தபின், அதை நினைவில் நிறுத்த வகைக்கெழு உதவுகிறது. sec x + tan x-ஐ வகையிட்டால் sec x tan x + sec² x கிடைக்கும். அதுவோ sec x (tan x + sec x). மடக்கையை வகையிடும்போது இது மேலேயும் sec x + tan x கீழேயும் வந்து, அடைப்புக்குறி நீங்கி, sec x மட்டும் நிற்கும். நான் நினைவில் வைத்திருப்பது சூத்திரத்தை அல்ல, ‘இரண்டையும் கூட்டி வகையிட்டால் அதே கூட்டல் sec x மடங்காகத் திரும்பி வருகிறது’ என்ற இந்த நிகழ்வைத்தான். ∫ dx/√(x² + a²) = log|x + √(x² + a²)| + c என்பதிலும் இதே நிகழ்வு நடக்கிறது என்று தெரிந்தபோது அந்த வரியும் கூடவே ஒட்டிக்கொண்டது.

சரிபார்க்கும் பழக்கம் எங்கே காப்பாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ∫ cos(3x + 2) dx கேட்டால், sin(3x + 2)-ஐ வகையிடும்போது 3 கூடுதலாக வருகிறது, எனவே 3-ஆல் வகுக்கிறோம். இது சரி. இதைப் பழகிய கையோடு பிள்ளைகள் ∫ cos(x²) dx-க்கு sin(x²)/(2x) என்று எழுதுவார்கள். 2x கூடுதலாக வருகிறது, 2x-ஆல் வகுத்துவிட்டேன் என்பது அவர்கள் வாதம். விடையை முழுமையாக வகையிடச் சொன்னால் வகுத்தல் விதிப்படி cos(x²) − sin(x²)/(2x²) என்று வந்து, இரண்டாவது உறுப்பு நீங்காமல் நிற்கும். 3 மாறிலி என்பதால் வகையிடலின்போது அசையாமல் இருந்தது. 2x அப்படி இருக்காது. cos(x²)-க்கு நாம் அறிந்த அடிப்படைச் சார்புகளால் ஆன விடையே கிடையாது என்பதை அதன் பிறகு சொன்னால் நம்புகிறார்கள்.

இன்னொரு வசதியையும் சொல்ல வேண்டும். ∫ 2 sin x cos x dx-க்கு ஒருவர் sin² x என்றும் இன்னொருவர் −cos² x என்றும் விடை எழுதி, யாருடையது தவறு என்று சண்டையிட்டதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் வகையிட்டால் ஒரே சார்புதான் வருகிறது. இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாடு 1 என்னும் மாறிலி மட்டுமே, அதை c விழுங்கிவிடுகிறது. விடைப்பட்டியலோடு தன் விடை ஒத்துப்போகவில்லை என்றவுடன் அடித்துவிடும் வழக்கம் இதனால் குறைந்தது.

இந்த முறையை நான் கைவிட்ட ஒரே இடம் வர்க்கமூலமே தொகையிடப்படும் வரி:

∫ √(a² − x²) dx = (x/2) √(a² − x²) + (a²/2) sin⁻¹(x/a) + c

இதன் வலப்பக்கத்தை வகையிட்டுச் சரிபார்க்க முடியும். ஆனால் பெருக்கல் விதி, சங்கிலி விதி, பொதுப் பகுதி எடுத்தல் என்று நான்கைந்து வரிகள் ஓடும். முடிவில் சரி என்று தெரியுமே தவிர, இந்த வடிவம் ஏன் வந்தது என்பது மனத்தில் பதியாது. மூன்று முறை முயன்றும் மூன்று முறையும் அரை எங்கே, a² எங்கே என்று மறந்தேன். பிறகு நோட்டில் a ஆரமுள்ள கால்வட்டம் ஒன்றை வரைந்தேன். 0-இலிருந்து x வரை வட்டத்தின் கீழுள்ள பரப்பை, மையத்திலிருந்து வட்டத்தின் மேலுள்ள அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு இழுத்து இரண்டாக வெட்டினால், கீழே x அடியும் √(a² − x²) உயரமும் கொண்ட செங்கோண முக்கோணமும், மேலே ஒரு வட்டக்கோணப்பகுதியும் கிடைக்கின்றன. முக்கோணத்தின் பரப்பு முதல் உறுப்பு. வட்டக்கோணப்பகுதியின் கோணம் sin⁻¹(x/a), அதன் பரப்பு இரண்டாவது உறுப்பு. என் நோட்டின் அந்தப் பக்கத்தில் மட்டும் மடிப்புக் கோடு இல்லை, ஒரு கால்வட்டம் இருக்கிறது.