பில்லின் அடியில் அச்சடித்த வட்டி வாசகத்தை நம்பி 64,484 ரூபாயை விட்டுவந்தேன்

திருப்பூரில் சிறியதாக ஓர் அட்டைப்பெட்டித் தயாரிப்புக் கூடம் நடத்துகிறேன். பனியன் ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்குப் பெட்டி கொடுப்பதுதான் தொழில். அவற்றில் ஒரு நிறுவனம் என் பணத்தைப் பத்து மாதத்துக்கு மேல் வைத்திருந்து, கடைசியில் அசலை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியது. வட்டி கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருந்தது. அதை எந்த நாளிலிருந்து, எந்த விகிதத்தில் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. என்னைப் போல பில் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக நடந்ததைக் கணக்கோடு எழுதுகிறேன்.

2023 ஜூன் 8ஆம் தேதி பில் போட்டேன். பெட்டிகளின் மதிப்பு 3,00,000 ரூபாய், அன்றைய 18% ஜிஎஸ்டி 54,000 ரூபாய், மொத்தம் 3,54,000. சரக்கு ஜூன் 10ஆம் தேதி அவர்கள் குடோனில் இறங்கியது. வாங்கிய பணம் ஒரு ரூபாய்கூட இல்லாத நிலையில், ஜிஎஸ்டிக் கணக்கை ஜூலை மாதமே நான் அரசுக்கு முடித்தாக வேண்டியிருந்தது. தாமதத்தில் முதலில் அடி வாங்குவது இங்கேதான்.

பில்லின் அடியில் "தாமதமான தொகைக்கு ஆண்டுக்கு 24% வட்டி வசூலிக்கப்படும்" என்று என் தந்தை காலத்திலிருந்தே அச்சடித்து வருகிறோம். அந்த ஒரு வரி நம்மைக் காப்பாற்றும் என்றே நினைத்திருந்தேன். அவர்கள் அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டரின் கடைசிப் பக்கத்தை நான் படித்ததே இல்லை. "பில் சரிபார்க்கப்பட்ட நாளிலிருந்து 90 நாளில் பணம், தாமதத்துக்கு வட்டி இல்லை" என்று அதில் இருந்தது. பில்லை எப்போது சரிபார்ப்பது என்பது அவர்கள் கையில் இருக்கும்போது 90 நாள் எப்போது தொடங்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

அக்டோபரில் கேட்டபோது, பெட்டியின் வலிமை போதவில்லை என்று புகார் வந்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. டிசம்பரில் கணக்குப் பிரிவில் ஆள் மாறிவிட்டார் என்றார்கள். இப்படியே 2024 மே வந்தது.

மே 25, சனிக்கிழமை. கூலி போடும் நாள். காலையில் காசோலை தயாராக இருப்பதாக அழைத்தார்கள். வட்டிக் கணக்கையும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பில் தேதியிலிருந்து 352 நாள், 24% வட்டி, 81,934 ரூபாய். கணக்குப் பிரிவு மேலாளர் அந்தத் தாளை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார்.

"அண்ணா, 24 சதவீதத்துக்கு நாங்கள் எங்கே ஒப்புக்கொண்டோம்? உங்கள் பில்லில் நீங்களாக அச்சடித்தது. எங்கள் ஆர்டரில் வட்டி இல்லை என்று இருக்கிறது. அதை ஏற்றுத்தானே சரக்கு அனுப்பினீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை. காசோலையோடு ஒரு கடிதத்தையும் நீட்டினார். வட்டி உட்பட எந்தப் பாக்கியும் இல்லை, கணக்கு முழுமையாகத் தீர்ந்தது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் காசோலை, இல்லையென்றால் அடுத்த வாரம் முதலாளி வந்த பிறகு பேசலாம் என்றார். மாலையில் பதினொரு பேருக்குக் கூலி தர வேண்டும். போட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஆடிட்டரிடம் போனேன். அவர் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விகிதமும் தவறு, நாளும் தவறு, முறையும் தவறு. ஆனால் வட்டி உண்டு" என்றார்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் இருக்கிறது அந்த உரிமை. மத்திய அரசின் தொழில் பதிவான உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளரும் சேவை தருபவரும் அதைக் கேட்கலாம். நான் 2020லேயே பதிவு செய்திருந்தேன். நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிக்கும் இல்லை. அவருடைய உத்யம் பதிவு வங்கிக் கடனுக்கு மட்டும்தான் உதவும். சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பின்னால் பதிவு செய்துவிட்டுப் பழைய பில்லுக்குக் கேட்கப் போனால் வழக்கு அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

முதலில் நாள் கணக்கு. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக்கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். ஏற்றுக்கொண்ட நாள் என்பது அவர்கள் பில்லைச் சரிபார்க்கும் நாள் அல்ல. சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். அக்டோபரில் தொலைபேசியில் சொன்ன புகாருக்கு இங்கே மதிப்பில்லை.

இறங்கிய நாளுக்கு என்ன சான்று? டெலிவரி சலானின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வாசலில் காவலாளி குத்திய ஊதா முத்திரை, மை பாதி மங்கி, "10 ஜூன் 2023" என்று தெரிந்தது. அதுவரை அந்தச் சலான்களைச் சணல் கயிற்றில் கட்டிப் பரணில் போட்டுவைப்பது வழக்கம். இப்போது முத்திரை விழுந்த அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 10இலிருந்து 45 நாள் எண்ணினால் ஜூலை 25. அதற்கு மறுநாள், ஜூலை 26 முதல் வட்டி ஓடுகிறது. நான் ஜூன் 8இலிருந்து எண்ணியிருந்தேன். ஜூலை 26 முதல் மே 25 வரை சரியாகப் பத்து மாதம்.

அடுத்தது விகிதம். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டின் மூன்று மடங்கு என்கிறது 16ஆம் பிரிவு. பேங்க் ரேட் வேறு, ரெப்போ ரேட் வேறு, நம் வங்கி நம்மிடம் வாங்கும் வட்டி வேறு. செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருவது ரெப்போ. அந்தக் காலத்தில் ரெப்போ 6.50%, பேங்க் ரேட் 6.75%. என் கணக்காளர்கூட முதலில் 6.50ஐத்தான் எடுத்தார். பேங்க் ரேட்டின் மூன்று மடங்கு 20.25%. என் பில்லில் இருந்த 24ஐவிடக் குறைவுதான், ஆனால் இதற்கு யார் சம்மதமும் வேண்டியதில்லை. "வட்டி இல்லை" என்ற அவர்களுடைய ஆர்டர் வரியையும் மீறி இது செல்லும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அந்த மேலாளரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

மூன்றாவது, கணக்கிடும் முறை. இது தனிவட்டி அல்ல, மாதந்தோறும் அசலோடு சேரும் கூட்டுவட்டி. 20.25ஐ 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 1.6875%. முதல் மாதம் 3,54,000க்கு வட்டி 5,974 ரூபாய். அதை அசலோடு சேர்த்தால் 3,59,974. இரண்டாம் மாத வட்டி 6,075. மூன்றாம் மாதம் 6,177. பத்தாம் மாதம் மட்டும் 6,945. ஜிஎஸ்டி சேர்ந்த முழுத் தொகைக்குத்தான் கணக்கு, ஏனென்றால் அவர்கள் தர வேண்டியது அந்த முழுத் தொகை. எக்செல்லில் ஒரே வரியில் வரும்:

```
=354000*((1+3*0.0675/12)^10-1)
```

விடை 64,484 ரூபாய். அதே விகிதத்தில் தனிவட்டி போட்டிருந்தால் 59,738தான் வரும். மாதம் முழுமையாகாமல் சில நாள் மிஞ்சினால், அதுவரை கூடிய தொகைக்கு அந்த நாள்களுக்கு மட்டும் 365ஆல் வகுத்துச் சேர்க்கிறார் ஆடிட்டர். இடையில் பேங்க் ரேட் மாறினால் அந்தத் தேதியில் கணக்கை வெட்டிப் புதிய விகிதத்தில் தொடர்கிறார். 2025 பிப்ரவரியில் அது 6.50%ஆகக் குறைந்தது, அந்தத் தேதியைத் தாண்டி ஓடிய பில்லை ஒரே விகிதத்தில் போட்டால் எதிர்த்தரப்பு அங்கேதான் கை வைக்கும்.

என்னிடம் இந்த 64,484 ரூபாய்த் தாள் மே 25 அன்று இருந்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராதவர், என் பில்லில் உள்ள ஜிஎஸ்டி என்று தங்கள் வரியில் கழித்துக்கொண்ட அந்த 54,000 ரூபாய் உள்ளீட்டு வரவை அரசுக்கு வட்டியோடு திருப்ப வேண்டும். அதோடு அப்போதிருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43B(h) விதியால், மார்ச் 31 வரை தராமல் வைத்திருந்த தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்கவும் அவர்களால் முடியாது. என்னிடம் தரும் தாமத வட்டிக்கும் வருமான வரியில் கழிவு கிடையாது. இவையெல்லாம் அவர்களுடைய ஆடிட்டருக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் போய் நின்றவன் நான்.

கையெழுத்துப் போட்ட கடிதத்தை வைத்துக்கொண்டு வழக்காடினால் நீண்ட வாதமாகும் என்று ஆடிட்டர் சொன்னதால் அந்தப் பில்லை விட்டுவிட்டேன். இன்று அந்த இடத்தில் நின்றால் காசோலையை வாங்கிக்கொண்டு, "3,54,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படியான வட்டி நிலுவையில் உள்ளது" என்று மட்டும் எழுதித் தருவேன். அதற்கு மேல் ஒரு சொல் எழுதமாட்டேன்.

பில்லின் அடி வரியையும் மாற்றிவிட்டேன். "உத்யம் பதிவு எண் இது. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி மாதக் கூட்டுவட்டி" என்று இப்போது இருக்கிறது. இதே வரியை ஆர்டரை ஏற்று அனுப்பும் மின்னஞ்சலிலும் எழுதுகிறேன். சரக்கு புறப்படுவதற்கு முன்பே அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

அதே நிறுவனத்திடம் 1,18,000 ரூபாய்க்கு இன்னொரு பில்லும் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மாதவாரியாக வட்டி போட்ட தாள், முத்திரை விழுந்த சலானின் நகல், உத்யம் சான்று மூன்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதினைந்து நாளில் தராவிட்டால் தாமதப் பணப் புகாருக்கான அரசின் சமாதான் இணையதளத்தில் பதிந்து, குறு, சிறு தொழில்களுக்கான வசதி மன்றத்துக்குப் போவேன் என்றும் எழுதியிருந்தேன். அந்த மன்றம் 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவே ஆகிறது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அங்கே தீர்ப்பு எதிராக வந்து அதை மறுத்து நீதிமன்றம் போக வேண்டுமென்றால், வாங்கியவர் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்டியாக வேண்டும்.

ஒன்பதாம் நாள் அசல் முழுவதும் வங்கிக் கணக்கில் ஏறியது. கடிதம் எதுவும் நீட்டப்படவில்லை. வட்டிக்கான டெபிட் நோட்டை மறுநாளே அனுப்பினேன். அந்தத் தொகை கைக்கு வரும் நாளில் அதற்கும் ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்பதால் வரியையும் சேர்த்தே போட்டிருக்கிறேன். பாதி தருகிறோம் என்று ஒருமுறை கேட்டுவிட்டார்கள். முழுக் கணக்குத் தாளையும் மறுபடி அனுப்பியிருக்கிறேன், இந்த மாத வட்டியையும் கூட்டி.